நடப்புக் கணக்கிலுள்ள 24 லட்சம்: எடுப்பதா, விடுவதா, கடனாக்குவதா, முதலாக்குவதா?

கரூர்
8 ஜூன் 2025

அன்புள்ள தம்பிக்கு,

ஆடிட்டர் அனுப்பிய மார்ச் 31 கணக்கைப் பார்த்துவிட்டு நீ எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்று விஷயம் கேட்டிருக்கிறாய். நம் கூட்டு நிறுவனத்தில் உன் முதல், அதாவது உன் மூலதனம், 10 லட்சத்திலிருந்து 34 லட்சமாகிவிட்டது, அதனால் 12 சதவீத வட்டியை 34 லட்சத்துக்குப் போட வேண்டும் என்பது ஒன்று. என் முதல் 40 லட்சம்தானே, இருவரும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்துவிட்டோம், ஆகவே லாபப் பங்கை 25 சதவீதத்திலிருந்து உயர்த்த வேண்டும் என்பது இரண்டு. மனை வாங்கப் போகிறாய், அதற்கு 20 லட்சம் எடுத்துக்கொள்ளலாமா என்பது மூன்று.

மூன்றும் நியாயமான ஆசைகள்தான். ஆனால் முதல் இரண்டும் ஒரு தவறான எண்ணத்தில் நிற்கின்றன. மூன்றாவதோ அந்த எண்ணத்துக்கே எதிராக இருக்கிறது. நினைத்தபோது எடுக்கக்கூடிய பணம் முதல் ஆகாது. முதல் என்றால் நினைத்தபோது எடுக்க முடியாது. உன் நடப்புக் கணக்கில் வரவு இருப்பாக நிற்கும் 24 லட்சத்தை வைத்து என்ன செய்யலாம் என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்கு நான்கு வழி இருக்கிறது. ஒவ்வொன்றும் உன்னை எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால், அந்த 24 லட்சம் என்ன என்பதை நாம் சேர்ந்து பார்த்துவிடுவோம்.

நம் ஒப்பந்தப்படி ஒவ்வொரு பங்குதாரருக்கும் பேரேட்டில் இரண்டு பக்கம். ஒன்று முதல் கணக்கு. நீ 2022 ஏப்ரலில் கொண்டுவந்த 10 லட்சம் அதில் அப்படியே இருக்கிறது; இந்த மூன்று வருடத்தில் ஒரு வரிகூட அதில் எழுதவில்லை. இன்னொன்று நடப்புக் கணக்கு. வங்கியில் நாம் வைத்திருக்கும் கரண்ட் அக்கவுண்ட்டோடு இதைக் குழப்பிக்கொள்ளாதே, பெயர் மட்டும்தான் ஒன்று. உனக்கு நிறுவனம் தர வேண்டியதும், நீ நிறுவனத்திலிருந்து எடுத்ததும் மாறி மாறி ஏறும் பக்கம் அது. போன வருடம் அது இப்படி ஓடியது:

2024 ஏப்ரல் 1 அன்று இருப்பு: 15,10,000
சம்பளம் (மாதம் 30,000): கூட்டு 3,60,000
மாத எடுப்பு (மாதம் 50,000): கழிவு 6,00,000
தங்கை கல்யாணத்துக்கு எடுத்தது: கழிவு 1,50,000
எல்.ஐ.சி. பிரீமியம், நிறுவனம் கட்டியது: கழிவு 40,000
2025 மார்ச் 30 அன்று இருப்பு: 10,80,000
முதலுக்கு வட்டி (10 லட்சத்துக்கு 12 சதவீதம்): கூட்டு 1,20,000
வரி போக லாபம் 48 லட்சத்தில் 25 சதவீதம்: கூட்டு 12,00,000
மார்ச் 31 அன்று இருப்பு: 24,00,000

மார்ச் 30 என்ற வரியை ஆடிட்டர் தரமாட்டார். உனக்காக நான் போட்டேன். வருடம் முழுக்க உன் இருப்பு 15 லட்சத்திலிருந்து மெல்ல இறங்கி 10 லட்சத்து 80 ஆயிரத்துக்கு வந்திருக்கிறது. கடைசி நாளில் இரண்டு வரவுப் பதிவு விழுந்ததும் 24 லட்சமாக ஏறிவிட்டது. அந்த இரண்டு பதிவுக்காக ஒரு ரூபாய்கூட அன்று வங்கிக்குள் வரவில்லை. நீ பார்க்கும் எண் வருடத்திலேயே உச்சமான நாளின் எண். 24 லட்சம் முழுவதற்கும் போன வருட வட்டி கேட்டால், வருடம் பூராவும் இல்லாத பணத்துக்கு வட்டி கேட்டதாகிவிடும். முதல் கணக்கில் இந்தச் சிக்கலே வராது. ஏப்ரல் முதல் நாளும் 10 லட்சம், மார்ச் கடைசி நாளும் 10 லட்சம். வட்டி போட ஒரே பெருக்கல் போதும்.

தறிக்காரன் பேச்சில் சொன்னால், முதல் என்பது பாவு. ஒரு தடவை ஏற்றிக் கட்டினால் துணி முடியும் வரை நகராது. நடப்புக் கணக்கு ஊடை. நாடாவோடு வலமும் இடமும் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டும் நூல்தான். அதற்காக ஊடையைப் பாவில் சேர்த்து எண்ண முடியாது.

நம் மூன்றாவது பங்குதாரரான உன் மாமாவின் கணக்கைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். மகள் கல்யாணத்துக்கு எடுத்ததில் அவருடைய நடப்புக் கணக்கு 6 லட்சம் பற்று இருப்பில் நிற்கிறது. நீ சொல்லும் முறைப்படி அவர் முதல் 30 லட்சத்திலிருந்து 24 லட்சமாகக் குறைந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. அவர் போட்ட 30 லட்சம் 30 லட்சமாகவே இருக்கிறது. அதற்கு அவருக்கு வட்டி வருகிறது. எடுத்த 6 லட்சம் அவர் நிறுவனத்துக்குத் தர வேண்டிய பாக்கி. ஒப்பந்தப்படி அதற்கு அவர் வட்டி கட்டுகிறார். பற்று இருப்பு முதலைக் குறைக்காதபோது வரவு இருப்பு மட்டும் எப்படி முதலைக் கூட்டும்?

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1998இல் நானும் ஒரு கூட்டில் இளைய பங்குதாரராக இருந்தேன். அங்கே இரண்டு பக்கம் கிடையாது. போட்ட முதல், லாபம், சம்பளம், வட்டி, எடுப்பு எல்லாம் ஒரே கணக்கில் ஏறும். மாறுபடும் முதல் முறை என்று பெயர். சட்டப்படி அதில் தவறு எதுவும் இல்லை. நான் போட்டது 3 லட்சம். மூன்றாம் வருடம் என் கணக்கில் 7 லட்சம் நின்றது. உன்னைப் போலவே என் முதல் வளர்ந்துவிட்டது என்று வீட்டில் சொல்லி மகிழ்ந்தேன். அடுத்த இரண்டு வருடம் நஷ்டம். எடுப்பை மட்டும் யாரும் குறைக்கவில்லை. ஐந்தாம் வருடம் என் கணக்கில் மிஞ்சியது 1 லட்சத்து 10 ஆயிரம். பிரியும்போது, “நீ போட்டதே 2 லட்சம்தானே” என்று மூத்தவர் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு நிஜமாகவே நினைவில்லை. பழைய பேரேடுகளைத் தேடி எடுத்து நிரூபிக்க எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. அதன்பிறகு அந்த வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. நம் நிறுவனத்தை ஆரம்பித்தபோது முதலைத் தனிப் பக்கத்தில் மாறாமல் வைக்கும் நிலைமுதல் முறைதான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தது அதனால்தான். யார் என்ன கொண்டுவந்தார்கள் என்பது எந்த வருடம் திறந்து பார்த்தாலும் தெரிய வேண்டும்.

சரி, அந்த 24 லட்சம் இப்போது எங்கே இருக்கிறது? நிறுவனத்தின் மொத்தச் சொத்து 245 லட்சம். கட்டடமும் தறிகளும் 55. நூலும் துணியும் 72. வர வேண்டிய பாக்கி 106. முன்பணம், வரித் திரும்பல் எல்லாம் சேர்த்து 8. ரொக்கமும் வங்கியிலும் வெறும் 4 லட்சம். எதிர்ப்பக்கத்தில் வங்கியின் சி.சி. எனும் கேஷ் கிரெடிட் கடன் 70, நூல்காரர்களுக்குத் தர வேண்டியது 55, மீதி 120 லட்சம் நம் மூவருடையது. அந்த 120இல் மூவரின் முதல் 80. நடப்புக் கணக்கில் என்னுடையது 22, உன்னுடையது 24, மாமாவின் பாக்கி 6 போக 40. ஆக, உன் 24 லட்சம் பெட்ஷீட்டாகக் குடோனிலும், பில்லாகப் பார்ட்டிகளிடமும் இருக்கிறது. லாபம் என்பது பில் போட்ட அன்றே கணக்கில் வந்துவிடும், பணம் வரும்போதுதான் வரும்.

அந்த 106 லட்சப் பாக்கியில் ஒரே பார்ட்டியிடம் 22 லட்சம் ஆறு மாதத்துக்கு மேல் நிற்கிறது. ஆடிட்டர் அதற்கு இன்னும் ஒதுக்கீடு செய்யவில்லை. அது வராமலே போனால், வரியில் கிடைக்கும் தள்ளுபடியை விட்டுவிட்டுப் பார்த்தால், உன் பங்கு நஷ்டம் 5 லட்சத்து 50 ஆயிரம். அது எந்தக் கணக்கில் விழும்? நடப்புக் கணக்கில். 24 லட்சம் ஒரே நாளில் 18 லட்சத்து 50 ஆயிரமாகும். முதல் 10 லட்சம் அசையாது. நஷ்டத்தை முதலில் தாங்கும் இடம் நடப்புக் கணக்கு என்பதால்தான் அதில் எப்போதும் கொஞ்சம் இருப்பு வேண்டும் என்கிறேன்.

இனி நான்கு வழிகள்.

அப்படியே விட்டுவைப்பது முதல் வழி. நீ எதுவும் செய்ய வேண்டாம்; பணம் உன் பெயரில் இருக்கும், சொல்லிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம். குறை என்னவென்றால் வட்டி கிடையாது. முதலுக்கு 12 சதவீதம் என்றுதான் நம் ஒப்பந்தம் சொல்கிறது. நடப்புக் கணக்கின் வரவு இருப்பைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. 1932ஆம் வருடக் கூட்டாண்மைச் சட்டத்தின் 13ஆம் பிரிவில், ஒப்புக்கொண்ட முதலுக்கு மேல் ஒரு பங்குதாரர் தொழிலுக்காக முன்பணம் கொடுத்தால் அதற்கு வருடம் 6 சதவீத வட்டி உண்டு என்று இருக்கிறது. அதைக் காட்டி நீ கேட்கலாம். ஆனால் முன்பணம் என்பது நீ கையிலிருந்து எடுத்துக் கொடுப்பது. லாபத்தை எடுக்காமல் விட்டுவைத்ததாலேயே அது முன்பணம் ஆகிவிடாது. எழுத்தில் ஒன்றும் இல்லாமல் அப்படி வாதாடுவது கடினம்.

இதில் இன்னொன்றையும் யோசி. 24 லட்சத்துக்கு 12 சதவீதம் என்றால் வருடம் 2 லட்சத்து 88 ஆயிரம். அந்தப் பணம் ஆகாயத்திலிருந்து விழாது, லாபத்திலிருந்துதான் போகும். லாபம் அந்த அளவு குறைந்தால் உன் 25 சதவீதப் பங்கிலேயே 72 ஆயிரம் குறையும். உனக்கு உண்மையில் கூடுவது 2 லட்சத்து 16 ஆயிரம். அதில் 1 லட்சத்து 29 ஆயிரத்து 600 என் 45 சதவீதப் பங்கிலிருந்தும் 86 ஆயிரத்து 400 மாமாவின் 30 சதவீதப் பங்கிலிருந்தும் வருகிறது. என் 22 லட்சமும் வட்டியில்லாமல்தான் கிடக்கிறது என்பதையும் சேர்த்துப் பார். பங்குதாரருக்குத் தரும் வட்டி என்பது நமக்குள்ளேயே ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போகும் பணம். அதனால்தான் மூவரும் கையெழுத்துப் போடாமல் அதைப் போடக் கூடாது.

எடுத்துவிடுவது இரண்டாவது வழி. இது உன் உரிமை, மறுக்கமாட்டேன். எடுப்புக்கு வரிப்பிடித்தமும் இல்லை; லாபப் பங்குக்கு நிறுவனமே வரி கட்டிவிட்டதால் உன் கையில் அதற்கு வரி கிடையாது. சிக்கல் பணம் இருக்கிறதா என்பதில்தான். சி.சி. லிமிட் 80 லட்சம் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். நாம் எடுக்கக்கூடியது அவ்வளவு அல்ல. வங்கி மாதாமாதம் நாம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மெண்டை வைத்துக் கணக்குப் போடுகிறது. சரக்கு 72, அதோடு 90 நாளுக்குள் உள்ள பாக்கி மட்டும் 84 (அந்த 22 லட்சப் பார்ட்டியைச் சேர்க்க மாட்டார்கள்), நூல்காரர்களுக்குத் தர வேண்டிய 55ஐக் கழித்தால் 101. அதில் கால்பங்கு மார்ஜின் போக 75 லட்சத்து 75 ஆயிரம்தான் டிராயிங் பவர். 70 ஏற்கெனவே எடுத்தாயிற்று. மிச்சம் 5 லட்சத்து 75 ஆயிரம், கையில் 4 லட்சம். இதில் நீ 20 லட்சம் கேட்டால் நூல்காரர்களுக்குத் தர வேண்டிய பணத்தை நிறுத்தி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு தடவை நிறுத்தினால் அடுத்த லோடுக்குக் கிலோவுக்கு எவ்வளவு கூட்டிச் சொல்வார்கள் என்பது உனக்கே தெரியும்.

எடுப்பு எல்லை மீறிவிட்டதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. வருடத்துக்குள் எடுத்ததையும் அந்த வருடத்தில் வரவான சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுது. நீ எடுத்தது 7 லட்சத்து 90 ஆயிரம், சம்பளம் 3 லட்சத்து 60 ஆயிரம். வித்தியாசம் 4 லட்சத்து 30 ஆயிரத்தைப் பழைய லாபம் சுமந்திருக்கிறது. அது தப்பில்லை, லாபம் வந்தது. லாபம் வராத வருடத்தில் அதே வேகத்தில் எடுத்தால் மாமாவின் நிலைதான்.

மூன்றாவது வழி முதலாக்குவது. உன் மனதில் இருப்பது இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். 24 லட்சத்தையும் முதல் கணக்குக்கு மாற்றினால் 12 சதவீத வட்டி வரும் என்று நினைக்கிறாய். வரும், லாபம் இருந்தால். முதலுக்கான வட்டியை லாபத்திலிருந்து மட்டுமே கொடுக்கலாம் என்று அதே 13ஆம் பிரிவு சொல்கிறது. நஷ்ட வருடத்தில் ஒன்றும் இல்லை. அப்புறம், முதலை எடுக்க வேண்டுமானால் மற்ற இருவரும் சம்மதிக்க வேண்டும், வங்கியும் சம்மதிக்க வேண்டும். லிமிட் வாங்கும்போது முதலைக் குறைக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். மனை வாங்க நினைப்பவனுக்கு இது பூட்டிய பெட்டி.

லாபப் பங்கு தானாக உயருமா? உயராது. ஒப்பந்தத்தில் எதுவும் சொல்லாவிட்டால் லாபமும் நஷ்டமும் சமமாகப் பிரியும் என்கிறது சட்டம். முதலின் விகிதத்தில் என்று சொல்லவில்லை. நம் 45, 30, 25 என்பது முதலையும் உழைப்பையும் சேர்த்துப் பேசி வைத்தது. முதலை மட்டும் வைத்துப் பிரித்தால் 80இல் 10 போட்ட உனக்கு 12.5 சதவீதம்தான் வரும். பார்ட்டிகளைப் பிடிப்பதிலும் தரம் பார்ப்பதிலும் நீ காட்டிய உழைப்புக்காகத்தான் 25 வைத்தோம். இன்னும் கூட்ட வேண்டுமா, பேசலாம். ஆனால் அதை உழைப்பின் பேரில் கேள், அதில் உன் பக்கம் வலுவாக இருக்கிறது.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. நிறுவனம் கலைந்தால் என்ன ஆகும்? கலைய வேண்டும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் முதல் என்ற சொல்லின் முழுக் கனமும் அன்றைக்குத்தான் தெரியும். 48ஆம் பிரிவின்படி முதலில் வெளிக்கடன், அடுத்து பங்குதாரர்கள் கொடுத்த முன்பணம், அதன்பிறகுதான் முதல், மிச்சம் இருந்தால் லாப விகிதத்தில். 245 லட்சச் சொத்தும் விற்று 135 லட்சம்தான் தேறியது என்று வைத்துக்கொள். வெளிக்கடன் 125 போக 10 லட்சம் மிச்சம். நஷ்டம் 110 லட்சம்; 45, 30, 25 என்று பிரித்தால் எனக்கு 49.5, மாமாவுக்கு 33, உனக்கு 27.5. முதலையும் நடப்புக் கணக்கையும் சேர்த்து என் 62இல் 12.5 மிஞ்சும். உன் 34இல் 6.5 மிஞ்சும். மாமாவின் 24 போதாது, அவர் 9 லட்சம் கொண்டுவர வேண்டும்.

அவரால் முடியாமல் போனால் அந்த 9 லட்சத்தை நீயும் நானும் தாங்க வேண்டும். எந்த விகிதத்தில்? லாப விகிதத்தில் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1904இல் இங்கிலாந்தில் கார்னர் எதிர் முர்ரே என்ற வழக்கில், வசதியுள்ள பங்குதாரர்கள் கடைசியாக ஒப்புக்கொண்ட முதலின் விகிதத்தில் தாங்க வேண்டும் என்று தீர்ப்பானது. வேறு விதமாக ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாதவர்களுக்கு நம் கணக்காளர்களும் அதையே எடுத்துக்கொள்கிறார்கள். நம் ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லை. நிலைமுதல் முறையில் அந்த விகிதம் முதல் கணக்கைப் பார்த்துத்தான். நடப்புக் கணக்கு அதில் சேராது. இன்றைய நிலையில் 40க்கு 10. ஆக 9 லட்சத்தில் நான் 7.2, நீ 1.8. நீ கேட்டபடி 24 லட்சத்தையும் முதலாக மாற்றியிருந்தால் விகிதம் 40க்கு 34. அப்போது உன் தலையில் விழுவது 4 லட்சத்து 14 ஆயிரம். அதே பணம், அதே நஷ்டம்; பேரேட்டில் இடம் மாறியதற்காக மட்டும் 2 லட்சத்து 34 ஆயிரம் கூடுதல் சுமை. என் சுமை அந்த அளவுக்குக் குறையும். என் நலனை மட்டும் பார்த்தால் உன் கடிதத்துக்கு உடனே சரி என்றே சொல்லியிருக்க வேண்டும்.

நான்காவது வழி பங்குதாரர் கடன். நடப்புக் கணக்கிலிருந்து ஒரு தொகையை உன் பெயரில் தனிக் கடன் கணக்குக்கு மாற்றி, வட்டி, திருப்பித் தரும் நாள், முன்னறிவிப்பு மூன்றையும் எழுதிக்கொள்வது. ரொக்கம் எதுவும் கைமாற வேண்டாம், பேரேட்டில் ஒரு பதிவுதான். இந்தக் கடனுக்கான வட்டி லாபம் வந்தாலும் வராவிட்டாலும் நிறுவனம் தர வேண்டியது. கலைக்கும்போது முதலுக்கு முன்னால் இதைத் தர வேண்டும். அதற்காக நஷ்டத்திலிருந்து தப்பிவிடலாம் என்று நினைத்துவிடாதே. உன் பங்கு நஷ்டத்தை உன் கடனில் கழித்துக்கொள்ளத்தான் செய்வார்கள். மேலே போட்ட கணக்கில் 12 லட்சம் கடனாக இருந்திருந்தாலும், மாமா தன் 9 லட்சத்தைக் கொண்டுவந்தால் கடைசியில் உனக்கு வருவது அதே 6.5தான். பணம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும்போது யாருக்கு முன்னால் என்பதில்தான் வித்தியாசம்.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. பங்குதாரர்களுக்குத் தரும் வட்டியில் 12 சதவீதம் வரைதான் நிறுவனத்தின் வருமானத்தில் கழிக்க விடுவார்கள், அதுவும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால். 2025 ஏப்ரலிலிருந்து பங்குதாரரின் சம்பளமும் வட்டியும் சேர்ந்து வருடத்துக்கு 20 ஆயிரத்தைத் தாண்டினால் 10 சதவீதம் வரிப்பிடித்தம் செய்ய வேண்டும். கையில் கொடுக்காமல் கணக்கில் வரவு வைத்தாலும் பிடித்தே ஆக வேண்டும். உனக்கு வேறு வருமானம் இல்லாவிட்டால் ரிட்டர்னில் திரும்ப வாங்கிவிடலாம். இரண்டாவது வங்கி. பங்குதாரர் கடனையும் சொந்த நிதி மாதிரி காட்டி லிமிட்டைக் கூட்டக் கேட்டால், அதை எடுக்க மாட்டோம் என்று எழுதி வாங்குவார்கள். அப்படி எழுதிக் கொடுத்த அன்றே உன் கடன் முதலைப் போலப் பூட்டுப்பட்டுவிடும். ஆகவே வங்கிக்குக் கொடுக்கும் தாளில் உன் கடனைச் சேர்க்கிறோமா என்பதைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதே, நானே நீட்டினாலும்.

என் முடிவைச் சொல்கிறேன். 24இல் 6 லட்சத்தை நடப்புக் கணக்கிலேயே விடு. அந்த 22 லட்சப் பார்ட்டி கைவிரித்தால் உன் பங்கான 5 லட்சத்து 50 ஆயிரத்தை அது தாங்கும், நீ பற்றில் போக மாட்டாய். 6 லட்சத்தை மனைக்கு அட்வான்ஸாக எடுத்துக்கொள். ஜூலைக் கடைசியில் 3, தீபாவளிச் சரக்குக்குப் பணம் வந்த பிறகு 3. மீதி 12 லட்சத்தைக் கடனாக்கு. வட்டி 10 சதவீதம், எந்தப் பக்கத்திலிருந்தும் மூன்று மாத முன்னறிவிப்பு. வருடம் 1 லட்சத்து 20 ஆயிரம் வட்டி; உன் லாபத்தில் குறையும் 30 ஆயிரம் போக 90 ஆயிரம் உனக்குக் கூடுதல். வங்கி நம்மிடம் 10.5 வாங்குகிறது, அதனால் நிறுவனத்துக்கும் நஷ்டமில்லை. 12 சதவீதம் ஏன் இல்லை என்று கேட்பாய். வங்கிக்குக் கொடுப்பதைவிடக் கூடுதலாக உனக்குக் கொடுக்க மாமாவிடம் நான் எந்த நியாயமும் சொல்ல முடியாது.

முதலில் இப்போது ஒரு ரூபாயும் சேர்க்காதே. அடுத்த வருடம் புதுத் தறிகள் போடுவது என்று முடிவானால் மூவருமே முதல் போட வேண்டியிருக்கும். அன்று கடன் கணக்கிலிருந்து எவ்வளவு மாற்றுவது, லாபப் பங்கு எவ்வளவு, ஒருவரால் பற்றாக்குறையைக் கட்ட முடியாவிட்டால் மற்றவர்கள் எந்த விகிதத்தில் தாங்குவது என்று எல்லாவற்றையும் ஒரே பத்திரத்தில் எழுதிக்கொள்ளலாம். அந்தக் கடைசிப் பிரிவை 1904 தீர்ப்புக்கு விடாமல் நாமே லாப விகிதத்தில் என்று எழுதிக்கொள்ள எனக்குச் சம்மதம். 40க்கு 10 என்பதைவிட 45க்கு 25 உனக்கு அதிகம்தான், ஆனால் பிறகு உன் முதல் எவ்வளவு வளர்ந்தாலும் அந்தச் சுமை வளராது.

வரும் வியாழன் காலை பத்து மணிக்கு ஆடிட்டர் அலுவலகத்தில் மாமாவும் நானும் இருப்போம். உன் நடப்புக் கணக்குப் பக்கத்தின் நகலை எடுத்து வா. மூன்று வருட எடுப்பையும் உன் கையால் ஒரு தாளில் மாதவாரியாக எழுதிக்கொண்டு வா. கடன் பத்திரத்தின் நகல் தயாராக இருக்கும். படித்துப் பார்த்து, சந்தேகம் இருந்தால் உனக்கு வேண்டிய வேறு ஆடிட்டரிடமும் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும்.

அன்புடன்,
அண்ணன்